இருவருக்கும் சேர்த்து ஒரு வாழ்த்து

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். அங்கே நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. எழுதிப் பழகிவிட்டது. ஆனால் இந்தக் கடிதத்தில் பொய்யே எழுதக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

போன் இருக்கும்போது இவள் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். அன்றைக்குக் குடும்பக் குழுவில் மாமா போட்ட இரண்டு வரியையும், அதன் கீழே 'வெளியேறினார்' என்று வந்ததையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு எத்தனையோ முறை அழைத்தீர்கள். உங்கள் தம்பி எடுத்துப் பேசினார், ஆனால் அவரால் இரண்டு வார்த்தைக்கு மேல் சொல்ல முடியவில்லை. வீட்டில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாமாவுக்கு நெஞ்சு அறுவை முடிந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, தையல்கூட ஆறாமல் அவர் படுத்திருந்த நேரத்தில்தான் எங்கள் பெண் வாலு வேலைக்குப் போகிற வழியில் லாரி மோதிப் போனாள். அன்று நீங்கள் போனில், "அப்பாவுக்கு இப்ப சொல்ல வேணாம். தாங்க மாட்டார். ரெண்டு பேரையும் சேர்த்து இழக்க வேணாம்" என்றீர்கள். டாக்டரும் அதிர்ச்சி எதுவும் கூடாது என்றுதான் சொன்னார். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நானும் சரி என்றேன். அவள் வேலை பார்த்த ஊரிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்தோம். வீட்டுக்கு வரும் வழியில் பஸ் நிலையத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டேன். உள்ளே நுழைந்ததும் மாமாவுக்கு டீ போட்டேன்.

'இப்ப வேணாம்' என்றுதான் எல்லோரும் சொன்னோம். அந்த 'இப்ப' எப்போது முடியும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மாமா இல்லாத இன்னொரு குழுவை உங்கள் பெரிய மகன் தொடங்கினான். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, பெயர் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி மட்டும். அழுவது, ஆறுதல் சொல்வது, அடுத்து என்ன பொய் சொல்வது என்று முடிவு செய்வது, எல்லாம் அந்தப் புள்ளிக்குள். பழைய குழுவில் காலை வணக்கப் படங்களும் மருத்துவக் குறிப்புகளும் எப்போதும் போல வந்துகொண்டிருந்தன. ஆபீஸில் அவளைப் பயிற்சிக்கு வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இரவு முறை வேலை, உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று மாமாவிடம் சொன்னோம். அவர் நம்பினார். "என்ன வேலையோ, மனுஷனை மனுஷன்கிட்ட பேச விடாத வேலை" என்று திட்டினார், அவ்வளவுதான்.

ஆனால் அவர் அவளுக்குக் குரல் அனுப்புவதை நிறுத்தவில்லை. அது உங்களுக்குத் தெரியாது. எழுத்து அடிக்கக் கை நடுங்குவதால் எல்லாம் குரல்தான். அவள் போன் என்னிடம்தான் இருக்கிறது. ஓரத்தில் கண்ணாடி கீறியிருக்கிறதே தவிர நன்றாகவே ஓடுகிறது. அதை அணைத்துவிட்டால் மாமாவின் செய்தியில் ஒரே ஒரு டிக் மட்டும் நிற்கும், பிள்ளைக்கு என்ன ஆனதோ என்று பதறுவார். அதனால் தினமும் சார்ஜ் போட்டேன். இரண்டு டிக் வந்தும் நீலம் ஆகாவிட்டால் கோபமாக இருக்கிறாளோ என்று நினைப்பார். அதனால் திறந்தேன். திறந்தாலும் போதாது, குரலைக் கேட்டால்தான் அந்தச் சின்ன மைக் படமும் நீலமாக மாறும். அதனால் கேட்டேன், எல்லாவற்றையும். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் மதியம் ஆள் இல்லாத நேரத்தில், லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்பேன். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னது, பேப்பரில் தலைப்பிலேயே ஒற்றுப்பிழை விட்டிருக்கிறார்கள் என்பது, இப்படி எதையாவது சொல்லிக்கொண்டே போவார். முடிவில், "சரி, நீ வேலையைப் பாரு" என்பார். நானும் மெஷினைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.

இனி அந்தப் பிறந்தநாள் விஷயம்.

குழுவில் பிறந்தநாள் போஸ்ட் எப்படித் தொடங்கியது என்று உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்பெல்லாம் பெரியவர் யாருக்காவது பிறந்தநாள் என்றால் பெரியவர்கள் மட்டும் கைகூப்பின படம் போடுவார்கள், சின்னவர்கள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். சின்னவர்களுக்கு என்றால் அவர்களுக்குள்ளேயே கேக்கும் பலூனுமாகக் குதிப்பார்கள், பெரியவர்களுக்கு யாருக்குப் பிறந்தநாள் என்றே தெரியாது. ஒரு வருடம் மாமாவின் பிறந்தநாளுக்கு மொத்தமே நான்கு பேர்தான் வாழ்த்தினார்கள். அதில் ஒருவர் தவறிப்போய் இரங்கல் படத்தைப் போட்டுவிட்டு அழித்தார். அன்றுதான் வாலு கொதித்தாள். இனிமேல் தனித்தனிப் போஸ்ட் கிடையாது, ஒரு பெரியவரும் ஒரு சின்னவரும் சேர்ந்துதான் என்றாள். அந்த மாதத்தில் ஜோடி கிடைக்காவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து யாரையாவது இழுத்து வருவாள்.

அதை அவள் எவ்வளவு கவனமாகச் செய்தாள் என்பது நான் செய்ய உட்கார்ந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. இரண்டு வட்டம், ஒரே அளவு. ஒன்று மேலே ஒன்று கீழே என்று வைக்கமாட்டாள், பக்கம் பக்கமாகத்தான். இரண்டு முகமும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரிப் படம் தேடுவாள், இல்லாவிட்டால் ஒன்றைத் திருப்பிப் போடுவாள். போன வருடம் போட்ட படத்தை மறுபடி போடமாட்டாள். பெரியவர் கண்ணுக்குத் தெரிகிற அளவில் எழுத்து. பெரியவர் சின்னவரைப் பற்றி ஒரு வரி, சின்னவர் பெரியவரைப் பற்றி ஒரு வரி. அந்த வரிகளை முன்கூட்டியே போன் போட்டு நச்சரித்து வாங்கிவிடுவாள். உங்கள் சின்னவன் ஒருமுறை 'என் பெரியம்மா நல்லவர்' என்று அனுப்பியதற்கு, இது என்ன நடத்தைச் சான்றிதழா என்று திருப்பி அனுப்பினாளே. அப்புறம் முக்கியமான விதி, ஒருவரை வாழ்த்திவிட்டு இன்னொருவரை விடக் கூடாது. விட்டால் எல்லோருக்கும் முன்னால் பெயர் சொல்லிக் கேட்பாள். அப்படித்தான் நம் குடும்பத்தில் பெரியவர்களும் சின்னவர்களும் ஒருவர் பிறந்தநாள் ஒருவருக்குத் தெரிகிற மாதிரி ஆனார்கள்.

அவள் போன பிறகு போஸ்ட் நின்றுபோனது. மாமா கேட்டார். "வாலு எங்க இருந்தாலும் இதை விடமாட்டாளே" என்றார். நீங்கள் புள்ளிக் குழுவில், யாராவது செய்யுங்கள், இல்லாவிட்டால் சந்தேகம் வரும் என்று எழுதினீர்கள். நான் செய்தேன். அவள் போனிலேயே எல்லாம் தயாராக இருந்தது, படத்தையும் எழுத்தையும் மாற்றினால் போதும். அவள் எண்ணிலிருந்தே போட்டேன். உங்கள் பிறந்தநாளுக்கு வந்தது நான் செய்ததுதான். நன்றாக இருக்கிறது என்று கைதட்டினீர்கள். நீங்கள் யாருக்குக் கைதட்டினீர்கள் என்று நான் யோசிக்கவில்லை, யோசிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அவர்கள் இருவரின் முறை வந்தது. மாமாவுக்கும் அவளுக்கும் ஒரு நாள் இடைவெளியில் பிறந்தநாள், அந்த இடைநாளில்தான் இருவருக்கும் சேர்த்துப் போடுவாள். இந்த வருடம் மாமாவுக்கு மட்டும் தனியாகப் போட்டால் போதாதா என்று கேட்டேன். கூடாது, எப்போதும் போலவே இருக்கட்டும் என்று எல்லோரும் சொன்னீர்கள். உங்கள் தம்பி, ஏதோ லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, ஆள் மாட்டியிருக்கிறார் என்று பழுதுபார்க்கும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அதுதான் வசதி. மாட்டிக்கொண்டவர்களைக் கதவைத் திறந்து வெளியே எடுத்துவிடலாம்.

அண்ணி, செத்துப்போன என் பெண்ணுக்கு நான் பிறந்தநாள் போஸ்ட் செய்தேன். புதுப் படம் வேண்டும், மாமா பார்க்காததாக. அவள் போனில் தேடித்தேடி ஒன்று எடுத்தேன். விடுதி அறையில் தலை துவட்டாமல், யாரையோ பார்த்துத் திட்டுகிற மாதிரி வாயைத் திறந்தபடி. அதை வட்டத்துக்குள் பொருத்தும்போது தலைமுடி வெளியே போனது, சின்னதாக்கினால் முகம் தெரியவில்லை. விரலால் இழுத்துக்கொண்டே இருந்தேன். பிறகு மாமாவிடம் அவளைப் பற்றி ஒரு வரி கேட்டேன். வாழ்நாளெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்திய மனிதர், உடனே சொல்லிவிடுவாரா? இரண்டு நாள் யோசித்துவிட்டு, "எழுதிக்கோம்மா" என்றார். 'என்னிடம் பயமில்லாமல் தப்பும் தவறுமாக எழுதும் ஒரே ஆள். இன்னும் நூறு வருடம் தப்பாகவே எழுதட்டும்.'

நான் எழுதிக்கொண்டேன். நூறுக்கு 'று'தானே என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அவள் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டிய வரியை நான்தான் எழுத வேண்டியிருந்தது. எவ்வளவு யோசித்தும் அவள் மாதிரி வரவில்லை. 'தாத்தா, நேரத்துக்குச் சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு நல்லபடியாக இருங்கள்' என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நீங்களே குழுவைத் திறந்து பாருங்கள். நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நீங்கள் அப்பாவுக்குப் பத்து வரி எழுதியிருக்கிறீர்கள், அழகாக இருக்கிறது. அவளுக்கு ஒரு கேக் படம். உங்கள் சின்னத் தம்பி 'அப்பாவுக்கு வணக்கங்கள்' என்பதோடு நிறுத்திவிட்டார். உங்கள் பெரியவன் தாத்தாவுக்கு மட்டும் எழுதினான். உங்கள் சின்னவன் ஏதோ எழுதிவிட்டு அழித்தான், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்பது அங்கேயே நிற்கிறது. மற்ற பிள்ளைகள் வெறும் கைகூப்பல். யாரையும் தப்புச் சொல்லவில்லை. அவள் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று எழுத யாருக்குத்தான் விரல் வரும்? இரண்டு பேரையும் வாயார வாழ்த்தியவர் ஒரே ஒருவர்தான், நம் ஒன்றுவிட்ட சித்தப்பா. எல்லாப் பிறந்தநாளுக்கும் அதே பழைய வாழ்த்தைத்தான் ஒட்டுவார். அவருக்கு எல்லாம் தெரியும், எதையும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நாள் நான் கடையிலிருந்து வந்தபோது மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் போன், மறு கையில் பூதக்கண்ணாடி. டீ போடட்டுமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல், "எப்போம்மா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, "என்ன ஆச்சுன்னு கேக்கல. எப்போன்னு கேக்கறேன்" என்றார்.

அவரே சொன்னார். "எல்லாரும் எனக்கு மட்டும் வாழ்த்து சொல்லியிருக்காங்க. ஒருத்தரை விட்டா அவ சும்மா இருப்பாளா? ஒரு சத்தத்தையும் காணோம். இந்த வரி அவ எழுதினது இல்ல, இது உன் வாக்கியம். என்னைக் கேலி பண்ணாம அவ எனக்கு ஒரு வரி எழுதினதே இல்ல. நான் அனுப்பினது எல்லாம் நீலமாகுது. கேட்டுட்டுப் பதில் போடாம இருக்கற பொண்ணா அவ?"

சொன்னேன், அண்ணி. லாரி, சாலை, எந்த மாதம், எல்லாவற்றையும். உங்கள் தம்பி வரும்வரை காத்திருக்கவில்லை, புள்ளிக் குழுவில் கேட்கவும் இல்லை. அவர் கேட்டார், நான் சொன்னேன். நாமெல்லாம் பயந்த மாதிரி அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயவில்லை. கொஞ்ச நேரம் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ நான் பேசினதெல்லாம் யார் கேட்டா?" என்றார்.

நான்தான் மாமா என்றேன்.

"எல்லாத்தையுமா?"

எல்லாத்தையும்தான் என்றேன்.

"அவளைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்து அன்னிக்கே எனக்கு டீ குடுத்தியா நீ?" என்று கேட்டார். அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை. என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டார். அவர் அழுத சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, யாராவது வந்து என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாருங்கள், அப்போதும் பொய்யைத்தான் யோசித்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் குழுவில் அந்த இரண்டு வரி வந்தது. கை நடுங்க நடுங்க அவரே அடித்தார், குரலாகப் போடவில்லை. 'என் பேத்தி இறந்துவிட்டாள் என்பதை இன்று அறிந்தேன். எனக்குத் தெரிவித்த வாழ்த்துகளை அன்புகூர்ந்து திரும்பப் பெற்றுக்கொள்ளவும்.' ஒரு பிழை இல்லை. அனுப்பிவிட்டு வெளியேறிவிட்டார்.

இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்பதுதான் நீங்கள் கேட்க நினைப்பது. நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் ஓடுகிறது என்றார். கெட்டுப்போனது வேறு. காலையில் எழுந்ததும், "வேற யாரு?" என்று கேட்கிறார். முதல் நாள் எனக்கு விளங்கவில்லை. இன்னும் யார் யார் செத்துப்போயிருக்கிறார்கள், எதையெல்லாம் மறைக்கிறீர்கள் என்று கேட்கிறார். உங்கள் சின்னத் தம்பி வேலை செய்யும் இடத்துக்கே போன் போட்டு, அவன் வேலைக்கு வந்திருக்கிறானா என்று அங்கிருந்தவரிடம் விசாரித்தார். உங்கள் சின்னத் தம்பியே வண்டி எடுத்துக்கொண்டு வந்து நேரில் நின்றார். மாமா அவர் முகத்தையும் தோளையும் தொட்டுப் பார்த்துவிட்டு, சரி போ என்றார்.

உங்கள் அழைப்பை அவர் எடுக்காதது கோபத்தால் மட்டும் இல்லை, அண்ணி. இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். நீங்கள் இருக்கிறீர்கள் என்பதை அவர் நம்பவில்லை. நீங்கள் அனுப்பிய குரலைப் போட்டுக் காட்டினேன். "வாலு பேர்லயும்தான் தினம் நீலமாச்சு" என்றார். முகம் பார்த்துப் பேசலாம் என்று உங்கள் தம்பி போனை நீட்டினார். "பழசைக்கூட ஓட்டலாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. நீங்க சொல்றதை வச்சு நான் எதையும் நம்பமுடியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்த எங்களிடம் வார்த்தை மிச்சமில்லை. எல்லா வார்த்தையையும் அந்தப் பொய்க்கே செலவு செய்துவிட்டோம்.

நேற்று நானே கேட்டேன், அண்ணி கையெழுத்தைப் பார்த்தால் நம்புவீர்களா மாமா என்று. "அவ 'ழ'வைக் கொக்கி மாதிரி போடுவா. அது வேற யாருக்கும் வராது" என்றார். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். நீங்களும் தாளிலேயே எழுதுங்கள். நிறைய வேண்டாம். மன்னிப்பு எதுவும் இப்போது கேட்க வேண்டாம். இன்றைக்கு என்ன செய்தீர்கள், பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று எழுதினால் போதும். பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்துவார். திருத்த ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

உங்கள் பதில் இங்கே வந்து சேருவதற்குள் நீங்களே கிளம்பி வர முடியும் என்றால் வாருங்கள். உங்கள் வேலை, பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் எனக்குத் தெரியும், அதனால் கட்டாயம் என்று எழுதவில்லை. வந்தால் அவர் முதலில் பேசமாட்டார், தொட்டுத்தான் பார்ப்பார். அப்போது அழுதுவிடாதீர்கள், கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்கள்.

அவள் போனை இனி என்ன செய்வது என்று உங்கள் தம்பி கேட்கிறார். குழுவில் அவள் எண் இன்னும் இருக்கிறது. எடுக்க வேண்டுமென்றால் பொறுப்பாளர் எடுக்க வேண்டும், பொறுப்பாளரும் அவள்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீங்கள் எங்களுக்கு மூத்தவர், நீங்கள் வந்த பிறகு சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளைகள் இருவரையும் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். ரோட்டில் பார்த்துப் போகச் சொல்லுங்கள். எந்தக் குறையும் அண்டாமல் அவர்கள் நரை விழும்வரை இருக்க வேண்டும். இதை நான் மனதாரத்தான் எழுதுகிறேன், அண்ணி, பொறாமையால் கை நின்று நின்று எழுதினாலும்.

வந்தால் உடனே திரும்பாமல் சில நாள் இருங்கள். மாமாவுக்காக மட்டும் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

என்றும் உங்கள் அன்பை எதிர்பார்க்கும்,
உங்கள் தம்பி மனைவி